'சின்ஸ் த்ரீ இயர்ஸ்' எங்கிருந்து வருகிறது? தமிழர் ஆங்கிலத்தின் காலப் பிழைகளுக்கு ஒரு கரோசல்: முழுமையான வழிகாட்டி

இந்த வழிகாட்டியை முடிக்கும்போது உங்கள் கையில் ஒன்பது ஸ்லைடு கொண்ட ஒரு கரோசல் இருக்கும், அதாவது இன்ஸ்டாகிராமிலோ லிங்க்ட்இன்னிலோ விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் பதிவு. முகப்பு ஒன்று, பிழை ஆறு, பயிற்சி ஒன்று, விடை ஒன்று. பெங்களூரில் ஐடி கம்பெனியிலோ, பேங்கிலோ, ஆஸ்பத்திரி அலுவலகத்திலோ உட்கார்ந்து நாள் முழுக்க ஆங்கிலத்தில் மெயில் தட்டும் தமிழர்தான் வாசகர். அவருக்கு இலக்கணப் பாடம் தேவையில்லை. தன் விரல் எந்த இடத்தில் வழுக்குகிறது என்று தெரிந்தால் போதும்.

புதிதாகக் கரோசல் செய்பவர்கள் முதலில் டிசைன் ஆப்பைத் திறக்கிறார்கள். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. வாக்கியங்கள் முடிவாகாமல் டிசைனில் இறங்கினால், வாக்கியத்தைப் பெட்டிக்குள் அடைக்க வெட்டுவோம், வெட்டும்போது புதுப் பிழை நுழையும். ஆறாவது படி வரைக்கும் ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

## 1. ஒரே குடும்பத்துப் பிழைகளை மட்டும் எடுங்கள்

'டிஸ்கஸ் அபௌட்', 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்', 'சின்ஸ் த்ரீ இயர்ஸ்' மூன்றும் நம்மவர்கள் எழுதும் பிழைகள்தான். ஆனால் மூன்றுக்கும் மூன்று வேறு காரணங்கள். ஒரே கரோசலில் வைத்தால் வாசகர் ஒவ்வொரு ஸ்லைடிலும் புதிதாக யோசிக்க வேண்டியிருக்கும், நாலாவது ஸ்லைடில் கழன்றுகொள்வார்.

இங்கே எடுத்துக்கொள்வது காலத்தைச் சொல்வதில் வரும் பிழைகள். அலுவலக மெயிலில் அதிகம் அடிபடுவது இவைதான்: எப்போது அனுப்பினேன், எவ்வளவு நாளாகச் செய்கிறேன், எப்போதைக்குள் முடிப்பேன். இன்னொரு வசதியும் உண்டு. இந்தப் பிழைகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் தமிழில் ஒரு சின்ன விகுதியோ சொல்லோ நிற்கிறது. அதைப் பிடித்துக் காட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

## 2. வாக்கியங்களை உங்கள் மெயிலிலிருந்தே எடுங்கள்

இணையத்தில் கிடைக்கும் 'நூறு பொதுவான பிழைகள்' பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள். பலவற்றைத் தமிழர்கள் செய்வதே இல்லை. அனுப்பிய மெயில்களில் தேடினால் உண்மையான வாக்கியங்கள் கிடைக்கும். ஜிமெயில் என்றால் தேடல் பெட்டியில் இப்படி ஒவ்வொன்றாகப் போடுங்கள்:

```
in:sent since
in:sent "have sent"
in:sent "had sent"
in:sent until
in:sent within
```

கிடைத்ததை அப்படியே ஒட்டாமல், பிழையின் எலும்பை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மாற்றுங்கள். பெயர், கிளையன்ட், ப்ராஜெக்ட், தேதி எல்லாம் போக வேண்டும். சக ஊழியர் எழுதிய மெயில் என்றால் அவர் தன் வாக்கியத்தை அடையாளம் கண்டுகொள்ளாத அளவுக்கு மாற்றுங்கள். அலுவலக மெயிலை வெளியே எடுத்துப் போடுவது பல கம்பெனிகளில் வேலைக்கே உலை வைக்கும்.

ஒரு பிழை ஒரே ஆளிடம் மட்டும் இருந்தால் அது அவர் பழக்கம். தனித்தனியாக மூன்று பேர் எழுதியிருந்தால் பட்டியலில் சேருங்கள்.

## 3. ஒவ்வொரு பிழைக்கும் தமிழ் வாக்கியத்தை எழுதுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். தப்பு வாக்கியம், சரியான வாக்கியம் இரண்டை மட்டும் போட்டால் வாசகர் தலையாட்டிவிட்டு நகர்வார், மறுநாள் அதே பிழையை எழுதுவார். ஏனென்றால் அவர் எழுத உட்காரும்போது தலைக்குள் ஓடுவது தமிழ் வாக்கியம். நம் எச்சரிக்கை மணி அந்தத் தமிழில் கட்டியிருக்க வேண்டும்.

தமிழ் வாக்கியம் பேச்சுத் தமிழில் இருக்கட்டும். 'மூன்று ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன்' என்று யாரும் மனசுக்குள் சொல்லிக்கொள்வதில்லை.

முதல் பிழை: '-ஆ' வும் நிகழ்காலமும். 'மூணு வருஷமா இங்க வேலை பார்க்குறேன்.' தமிழில் இது நிகழ்காலம், அதில் தவறில்லை. அதையே அச்சாக வார்த்தால்:

```
✗ I am working here for three years.
✓ I have been working here for three years.
```

முன்பே தொடங்கி இன்னும் நடக்கும் வேலையை ஆங்கிலம் வெறும் நிகழ்காலத்தில் சொல்லாது, 'ஹேவ் பீன்' கேட்கும். தப்பு வாக்கியத்தைப் படிக்கும் வெளிநாட்டுக்காரர் 'இவருக்கு இங்கே மூணு வருஷ வேலை' என்று, அதாவது கான்ட்ராக்ட் கணக்கில், புரிந்துகொள்ளக்கூடும். ஸ்லைடில் சொல்ல வேண்டிய காரணம் ஒரே வரி: 'முன்னாடி ஆரம்பிச்சு இன்னும் நடக்குதா? ஹேவ் பீன்.'

இரண்டாவது: 'சின்ஸ்', 'ஃபார்' குழப்பம். தமிழ் வாக்கியம் அதேதான்.

```
✗ I have been working here since three years.
✓ I have been working here for three years.
```

இங்கே தமிழே ஒரு நல்ல விதியைத் தருகிறது. 'மூணு வருஷமா', 'ரெண்டு நாளா' என்று '-ஆ' வந்தால் 'ஃபார்'. 'திங்கக்கிழமைலேர்ந்து', '2019-லேர்ந்து' என்று '-லேர்ந்து' வந்தால் 'சின்ஸ்'. முன்னது அளவு, பின்னது தொடங்கிய புள்ளி.

விதி எங்கே உடையும் என்பதையும் தெரிந்துவைத்திருங்கள். 'மூணு வருஷத்துலேர்ந்து' என்று சொல்பவர்களும் உண்டு. பெங்களூரில் அது காதில் கூடுதலாகவே விழும், கன்னடத்தில் 'மூரு வர்ஷதிந்த' என்று அளவுக்கும் புள்ளிக்கும் ஒரே விகுதிதான். அப்படிப் பேசிப் பழகியவருக்கு விகுதி விதி உதவாது. அவருக்குக் கேள்வி விதி: 'எவ்வளவு நாளா?' என்று கேட்டால் பதில் பொருந்துகிறதா, 'எப்போலேர்ந்து?' என்று கேட்டால் பொருந்துகிறதா? முதலாவது 'ஃபார்', இரண்டாவது 'சின்ஸ்'. ஸ்லைடில் விகுதி விதியைப் போட்டு, கேள்வி விதியைக் கேப்ஷனில் வையுங்கள்.

மூன்றாவது: 'அனுப்பியிருக்கேன்'. 'நேத்து ஃபைல் அனுப்பியிருக்கேன்.'

```
✗ I have sent the file yesterday.
✓ I sent the file yesterday.
```

தமிழில் '-இருக்கேன்' பக்கத்தில் 'நேத்து' நிற்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். ஆங்கிலத்தில் 'ஹேவ்' போட்டால் முடிந்துபோன நேரத்தைச் சொல்லும் சொல் கூடாது: நேற்று, போன வாரம், 2019-இல், காலை பத்து மணிக்கு. நேரத்தைச் சொல்லாமல் 'ஃபைல் அனுப்பியிருக்கேன், பாருங்க' என்றால் 'ஹேவ் சென்ட்' முழுக்கச் சரி. இரண்டில் ஒன்றுதான் வாக்கியத்தில் இருக்கலாம், 'ஹேவ்' அல்லது 'நேத்து'.

நான்காவது: 'அனுப்பியிருந்தேன்'. இது மூன்றாவதன் தம்பி. 'போன வாரம் உங்களுக்கு மெயில் அனுப்பியிருந்தேன்.'

```
✗ I had sent you an email last week.
✓ I sent you an email last week.
```

பதில் வராதபோது நயமாக நினைவூட்ட நமக்கு '-இருந்தேன்' கைகொடுக்கும். 'அனுப்பினேன்' என்றால் கொஞ்சம் வெட்டென்று இருக்கும், 'அனுப்பியிருந்தேன்' என்றால் மரியாதை தொனிக்கும். அந்த மரியாதையை 'ஹேட்' சுமக்காது. நடந்து முடிந்த இரண்டு விஷயங்களில் எது முந்தியது என்று காட்டத்தான் அது வரும். முந்தைய சம்பவம் மட்டும் தனியாக நின்றால் படிப்பவர் 'சரி, அதுக்கப்புறம்?' என்று காத்திருப்பார். 'நீங்க கூப்பிட்டப்போ நான் ஏற்கெனவே அனுப்பியிருந்தேன்' என்று இரண்டு சம்பவம் இருந்தால் 'ஹேட்' சரிதான்:

```
✓ I had already sent the email when you called.
```

இந்தச் சரியான பயன்பாட்டைச் சொல்லாமல் விட்டால், படித்தவர்கள் 'ஹேட்' என்ற சொல்லையே தப்பு என்று நினைத்துக்கொண்டு எல்லா இடத்திலிருந்தும் பிடுங்கி எறிவார்கள். ஆனால் இந்த உதாரணத்தையும் ஸ்லைடில் திணிக்க வேண்டாம், கேப்ஷனில் இருக்கட்டும்.

ஐந்தாவது: '-ஆத வரைக்கும்'. 'அவர் அப்ரூவ் பண்ணாத வரைக்கும் ஆரம்பிக்க முடியாது.'

```
✗ We cannot start until he does not approve.
✓ We cannot start until he approves.
```

தமிழில் 'பண்ற வரைக்கும்' என்றாலும் 'பண்ணாத வரைக்கும்' என்றாலும் இந்த இடத்தில் பொருள் ஒன்றே. ஆங்கிலத்தில் அப்படி இல்லை. 'அன்டில்' அவர் சம்மதிக்கும் அந்தக் கணத்தைச் சுட்டுகிறது, அதனால் உடன்பாட்டு வினைதான் வரும். இரண்டு 'நாட்' சேர்ந்தால் படிப்பவர் ஒரு நொடி திகைப்பார்.

ஆறாவது: '-க்குள்ள'. 'வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பிடுறேன்.'

```
✗ I will send it within Friday.
✓ I will send it by Friday.
```

'ரெண்டு நாளுக்குள்ள' என்பதற்கும் 'வெள்ளிக்கிழமைக்குள்ள' என்பதற்கும் நமக்கு ஒரே '-க்குள்ள'. ஆங்கிலம் பிரிக்கிறது: அளவுக்கு 'வித்இன்', நாளுக்கு 'பை'. இரண்டாவது பிழையில் பார்த்த அளவு, புள்ளி பிரிவினையேதான் இங்கேயும் வருகிறது, அதனால் கடைசியில் வைத்தால் நன்றாக உட்காரும். சிலர் 'வித்இன்' தப்பு என்று தெரிந்ததும் 'பிஃபோர்' போடுகிறார்கள். 'பிஃபோர் ஃப்ரைடே' என்றால் வியாழனோடு முடிந்தது. வெள்ளியும் கணக்கில் உண்டென்றால் 'பை'தான்.

## 4. பிழையையும் நம்மூர் வழக்கையும் பிரியுங்கள்

திரட்டிய பட்டியலில் 'டுடே இட்செல்ஃப்', 'ப்ரிபோன்', 'டூ த நீட்ஃபுல்' போன்றவை கட்டாயம் இருக்கும். இவற்றை இந்தக் கரோசலில் பிழை என்று போடாதீர்கள். 'ப்ரிபோன்' ஆங்கில அகராதியிலேயே ஏறிவிட்டது. 'டூ த நீட்ஃபுல்' பழைய வணிகக் கடித ஆங்கிலத்தின் மிச்சம். 'டுடே இட்செல்ஃப்' நம் 'இன்னிக்கே'யின் ஏகாரத்தைச் சுமந்துகொண்டு வந்த இந்திய வழக்கு. கோரமங்கலாவில் இருக்கும் மேனேஜருக்கு இது எல்லாமே புரியும், லண்டனில் இருப்பவருக்குத்தான் விசித்திரமாகப் படும்.

இவற்றையும் ✗ போட்டு வைத்தால் என்ன நடக்கும்? விஷயம் தெரிந்த ஒருவர் 'இது தப்பே இல்லையே' என்று கேட்பார், அந்த ஒரு ஸ்லைடால் மற்ற ஐந்தின் மேலும் சந்தேகம் விழும். வேண்டுமென்றால் 'வெளிநாட்டு கிளையன்ட்டுக்கு எழுதும்போது' என்று தனிக் கரோசல் செய்யுங்கள்.

சந்தேகம் வந்தால் அந்தச் சொல்லை இரண்டு லேர்னர்ஸ் அகராதிகளில் பாருங்கள். சாதாரண அகராதி பொருளை மட்டும் சொல்லும். ஆங்கிலம் கற்பவர்களுக்கான அகராதி எந்தக் காலத்தோடு எந்தச் சொல் வரும் என்று உதாரண வாக்கியத்தோடு காட்டும். இரண்டும் முரண்பட்டால் அந்தப் பிழையை விட்டுவிடுங்கள்.

## 5. ஒரு ஸ்லைடில் ஒரே மாற்றம்

மூன்றாவது படியில் முதல் இரண்டு பிழைகளும் ஒரே தமிழ் வாக்கியத்திலிருந்து வந்ததைக் கவனித்திருப்பீர்கள். மெயிலில் உண்மையில் கிடைக்கும் வாக்கியம் இதுதான்:

```
I am working here since three years.
```

இதில் இரண்டு பிழைகள். புதிதாகச் செய்பவர்கள் இதை அப்படியே ஸ்லைடில் போட்டு, கீழே முழுக்கத் திருத்திய வாக்கியத்தைப் போடுவார்கள். வாசகர் 'சின்ஸ்' மாறியதைக் கண்டுபிடிப்பார், அது அவருக்கு ஏற்கெனவே அரைகுறையாகத் தெரியும். 'ஆம் வொர்க்கிங்' மாறியதைப் பார்க்கவே மாட்டார். அடுத்த மெயிலில் 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்' என்று தன்னம்பிக்கையோடு எழுதுவார்.

ஆகவே பிரித்தோம். முதல் பிழை ஸ்லைடின் தப்பு வாக்கியத்தில் 'ஃபார்' ஏற்கெனவே சரியாக இருக்கிறது, வினை மட்டும் தப்பு. இரண்டாவதில் வினை சரி, 'சின்ஸ்' மட்டும் தப்பு. இதே வரிசையில்தான் வைக்க வேண்டும், ஏனென்றால் முதல் ஸ்லைடில் கற்ற 'ஹேவ் பீன்' இரண்டாவதில் மறுபடி கண்ணில் பட்டு ஊறும்.

சோதிக்கும் முறை சுலபம். தப்பு வாக்கியத்தையும் சரியான வாக்கியத்தையும் மேலும் கீழுமாக எழுதி, மாறிய இடங்களை வட்டமிடுங்கள். வட்டம் ஒன்றுதான் வர வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு மூன்று சொற்கள் சேர்ந்து மாறினால் அது ஒரே வட்டம். தள்ளித் தள்ளி இரண்டு வட்டம் வந்தால் அது இரண்டு ஸ்லைடு.

கூடவே இன்னொன்று: சரியான வாக்கியத்தில் வேறு எதையும் 'அழகாக்க' வேண்டாம். 'மெயில்' என்பதை 'இமெயில்' என்று மாற்ற நினைத்தால் மேல் வாக்கியத்திலும் மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் வாசகர் அதையே பிழை என்று எடுத்துக்கொள்வார்.

## 6. ஸ்லைடின் அடுக்கு

நான்கு வரிசை, இதே ஒழுங்கில்:

```
மூணு வருஷமா இங்க வேலை பார்க்குறேன்.

✗ I am working here for three years.

✓ I have been working here for three years.

முன்னாடி ஆரம்பிச்சு இன்னும் நடக்குதா? have been.
```

தமிழ் மேலே வருவதன் காரணம் மூன்றாவது படியில் சொன்னதுதான்: வாசகர் முதலில் தன் குரலைக் கேட்க வேண்டும். தப்பும் சரியும் ஒரே ஸ்லைடில் இருக்க வேண்டும். தப்பை ஒரு ஸ்லைடிலும் விடையை அடுத்ததிலும் வைத்துப் புதிர் போடுவது கவர்ச்சியாகத் தோன்றும். ஆனால் யாராவது தப்பு ஸ்லைடை மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஃபேமிலி குரூப்பில் போட்டால், அது பாடமாகவே சுற்றும்.

தப்பு வாக்கியம் சின்ன எழுத்தில், சாம்பல் நிறத்தில். சரியான வாக்கியம்தான் ஸ்லைடிலேயே பெரிசு. கண்ணில் பெரிதாகப் பட்டது மனதில் தங்கும், அது தப்பாக இருந்துவிடக் கூடாது. தப்பு வாக்கியம் முழுவதையும் கோடு போட்டு அடிக்க வேண்டாம், படிக்கவே முடியாமல் போகும். மாற வேண்டிய சொற்களை மட்டும் அடியுங்கள், இங்கே 'ஆம் வொர்க்கிங்'. கீழே அதே இடத்தில் 'ஹேவ் பீன் வொர்க்கிங்' தடித்த எழுத்தில்.

சிவப்பு, பச்சை மட்டும் நம்பி விடாதீர்கள். நிறக்குறைபாடு உள்ளவர்களுக்கு இரண்டும் ஒரே மாதிரி தெரியலாம். ✗, ✓ குறிகள் கண்டிப்பாக இருக்கட்டும்.

## 7. அளவும் எழுத்துருவும்

கேன்வாஸ் 1080 × 1350 பிக்சல். இன்ஸ்டாகிராமுக்கும் லிங்க்ட்இன்னுக்கும் இதுவே போதும். எல்லா ஸ்லைடும் ஒரே அளவில் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஓரம் வெட்டுப்படும். பக்கவாட்டில் 100 பிக்சல் விடுங்கள். மேல் வலது மூலையில் இன்ஸ்டாகிராம் '1/9' என்ற எண்ணைக் காட்டும், அங்கே எழுத்து எதுவும் வேண்டாம்.

எழுத்தளவு: சரியான வாக்கியம் 64, தப்பு வாக்கியம் 50, தமிழ் வரி 46, காரணம் 40. நாற்பதுக்குக் கீழே போகாதீர்கள். 1080 அகலத்தில் செய்வது போனில் சுமார் 390 அலகு அகலத்துக்குச் சுருங்குகிறது, அதாவது 40 என்பது அங்கே 14 சொச்சம்தான். சில்க் போர்டு சிக்னலில் பஸ்ஸில் நின்றுகொண்டு படிப்பவருக்கு அதைவிடச் சிறிசு உதவாது. வாக்கியம் 64-இல் அடங்கவில்லை என்றால் எழுத்தைச் சுருக்காமல் வாக்கியத்தைச் சுருக்குங்கள். பத்துச் சொல்லுக்குள் வந்துவிட வேண்டும்.

தமிழுக்கு Noto Sans Tamil, Mukta Malar, Hind Madurai மூன்றும் இலவசம், மூன்றுமே ஆங்கில எழுத்தோடு சண்டை போடாது. தமிழ் எழுத்தே இல்லாத ஃபான்டைத் தேர்ந்தால் ஆப் தானாக வேறொன்றைக் கொண்டுவந்து போடும், ஏற்றுமதி செய்யும்போது அது மறுபடி மாறலாம். வேலையைத் தொடங்கும் முன் இந்தச் சொல்லைத் தட்டிப் பாருங்கள்:

```
கொண்டோம்
```

கொம்பு ககரத்துக்கு முன்னால் ஒட்டி நின்றால் சரி. எழுத்துக்குப் பின்னால் தொங்கினாலோ, புள்ளி வட்டத்தோடு தனியாக நின்றாலோ அந்த ஆப் தமிழைச் சரியாக அடுக்கவில்லை. போட்டோஷாப் என்றால் பத்தி அமைப்பில் `World-Ready Layout` தேர்ந்தால் பெரும்பாலும் தீரும். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூட்டும் வசதியைத் தமிழ் வரியில் தொடவே வேண்டாம், கொம்பும் காலும் எழுத்தைவிட்டுப் பிரிந்து போகும். வரி இடைவெளி தமிழுக்கு 1.4 வையுங்கள், ஆங்கிலத்துக்கு 1.2 போதும்.

பெங்களூரிலேயே வளர்ந்த தமிழர்களிடம் ஒரு சிக்கல் உண்டு. வீட்டில் நன்றாகத் தமிழ் பேசுவார்கள், பள்ளியில் கன்னடமும் இந்தியும் படித்ததால் எழுத்து தெரியாது. இவர்கள் உங்கள் வாசகர்களில் கணிசம் என்றால், தமிழ் வரியை மட்டும் அவர்கள் வாட்ஸ்அப்பில் தட்டுவதுபோல் எழுதி இன்னொரு செட் செய்யுங்கள்:

```
moonu varushama inga vela pakkuren
```

ஒரே ஸ்லைடில் இரண்டு எழுத்திலும் போடாதீர்கள். வரிகள் ஐந்தாகிவிடும், கண் எங்கே போவதென்று தெரியாமல் திணறும்.

## 8. முகப்பும் பயிற்சியும்

முகப்பில் தலைப்பு வேண்டாம், கேள்வி போதும்: 'மூணு வருஷமா' என்று பெரிதாக எழுதி, கீழே 'since? for?' என்று இரண்டு சொல். 'தமிழர்கள் செய்யும் ஆங்கிலப் பிழைகள்' என்று போட்டால் பலர் தங்களைச் சொல்லவில்லை என்று கடந்துவிடுவார்கள். இன்ஸ்டாகிராம் ப்ரொஃபைல் பக்கத்தில் படங்கள் இப்போது 3:4 விகிதத்தில் தெரிகின்றன, அதனால் 1350 உயரத்துக்குப் பக்கவாட்டில் சுமார் 34 பிக்சல் வீதம் இருபுறமும் மறையும். 100 பிக்சல் ஓரம் விட்டிருந்தால் கவலையில்லை.

எட்டாவது ஸ்லைடு பயிற்சி. இங்கே மட்டும் 'ஒரே மாற்றம்', 'தப்பும் சரியும் ஒரே ஸ்லைடில்' என்ற இரண்டு விதிகளையும் வேண்டுமென்றே மீறுகிறோம், முதல் இரண்டு பிழை ஸ்லைடுகளும் ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்கின்றனவா என்று பார்க்க:

```
திங்கக்கிழமைலேர்ந்து லீவுல இருக்கேன்.

✗ I am on leave from Monday.
```

இது நல்ல பயிற்சி வாக்கியம், ஏனென்றால் இதற்கு ஆங்கிலத்தில் வேறொரு பொருள் உண்டு: வரும் திங்களிலிருந்து லீவு. ஏற்கெனவே மூன்று நாளாக லீவில் இருப்பவர் இப்படி எழுதினால், அடுத்த வாரம்தான் லீவு என்று குறித்துக்கொண்டு இன்று மீட்டிங் வைத்துவிடுவார்கள். ஒன்பதாவது ஸ்லைடில் விடை, தப்பு வாக்கியத்தையும் சேர்த்தே:

```
✗ I am on leave from Monday.
✓ I have been on leave since Monday.
```

## 9. மூன்று பேரிடம் காட்டிவிட்டு ஏற்றுங்கள்

இந்த வேலையில் கையே வைக்காத மூன்று பேர் வேண்டும். முதலில் ஸ்லைடைக் காட்டாமல் 'வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பிடுறேன்' போன்ற ஐந்து தமிழ் வாக்கியத்தையும் கொடுத்து ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். மூவருமே சரியாக எழுதிவிட்ட வாக்கியம் ஸ்லைடாக இருக்கத் தேவையில்லை. பிறகு கரோசலை அவர்கள் போனிலேயே காட்டி, ஒரு நாள் கழித்து வேறு வாக்கியங்களைக் கொடுங்கள்: 'பத்தாம் தேதிக்குள்ள முடிச்சிடுறேன்', 'ஒரு மாசமா வெயிட் பண்றேன்'. அதே வாக்கியத்தைத் திரும்பக் கொடுத்தால் ஞாபகசக்தியைத்தான் சோதிப்பீர்கள்.

யாராவது தப்பு வாக்கியத்தையே விடையாக எழுதினால், பெரும்பாலும் அந்த ஸ்லைடில் அது பெரிதாகவோ மேலே தனியாகவோ நிற்கிறது. ஆறாவது படிக்குத் திரும்புங்கள்.

இன்ஸ்டாகிராமுக்கு ஒன்பதையும் PNG-ஆக எடுங்கள், JPG-இல் சின்ன எழுத்தின் ஓரம் கசங்கும். ஒவ்வொரு படத்துக்கும் `Alt text` பகுதியில் ஸ்லைடின் வாக்கியங்களைத் தட்டிவிடுங்கள், பார்வையற்றவர்களின் ஸ்க்ரீன் ரீடர் அதைத்தான் வாசிக்கும். லிங்க்ட்இன்னுக்கு ஒன்பது பக்கமும் ஒரே PDF-ஆகப் போக வேண்டும். கான்வாவில் எடுத்தால் `Flatten PDF` என்ற கட்டத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள், தமிழ் எழுத்து வழியில் உடையாது.

ஏற்றுவதற்கு முன் ஆங்கில வாக்கியங்களை மட்டும் கடைசி ஸ்லைடிலிருந்து முதல் ஸ்லைடு நோக்கிச் சத்தமாகப் படியுங்கள். வரிசையாகப் படித்தால் கண் தானாகத் திருத்திக்கொண்டே போகும். ஏற்றிய பிறகு கேப்ஷனைத் திருத்தலாம், படத்தை மாற்ற முடியாது. இன்ஸ்டாகிராமில் பிழையுள்ள ஒரு ஸ்லைடை மட்டும் நீக்க வழியுண்டு, ஆனால் பயிற்சியை நீக்கினால் விடையையும் சேர்த்து நீக்க மறக்காதீர்கள். லிங்க்ட்இன்னில் அந்த வசதியும் கிடையாது, பதிவையே அழித்துவிட்டுப் புதிய PDF-ஐ ஏற்ற வேண்டியதுதான்.